பார்லிக்குக் கணக்கு எழுதியவர்கள்

ஈராக்கின் தெற்கே, இன்று பாலைவன மேடாகக் கிடக்கும் வர்கா என்ற இடத்தில் ஊருக் நகரம் இருந்தது. யூப்ரடீஸ் ஆறு அப்போது அதை ஒட்டி ஓடியது. ஜெர்மானியத் தொல்லியலாளர்கள் 1928 முதல் அங்கு ஈயன்னா என்ற கோயில் வளாகத்தைத் தோண்டியபோது, கைக்குள் அடங்கும் அளவுள்ள களிமண் பலகைகள் கிடைத்தன. உலகில் இதுவரை கிடைத்த எழுத்துகளில் மிகப் பழையவை அவற்றில்தான் இருக்கின்றன. காலம் ஏறக்குறைய கி.மு. 3300. அடுத்த பல ஆண்டுகளில் பலகைகளும் உடைந்த துண்டுகளுமாக ஏறத்தாழ 5,000 சேர்ந்தன.

அவை கிடைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அவை எந்த நூலகத்திலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. பழைய கட்டடத்தை இடித்து, நிலத்தை மேடாக்கிப் புதிய கட்டடம் எழுப்பும்போது பள்ளங்களில் கொட்டிய இடிபாட்டுக் குப்பையில், பானை ஓடுகளோடும் உடைந்த செங்கற்களோடும் அவை கலந்து கிடந்தன. எழுதியவர்களே வேலை முடிந்ததும் தூக்கி எறிந்தவை அவை. அரசனின் வெற்றியோ கடவுளின் புகழோ எழுதியிருந்தால் அப்படி எறிந்திருக்க மாட்டார்கள். படித்துப் பார்த்த அறிஞர்களுக்குக் கிடைத்ததும் ஆடு, மாடு, பார்லி, பீர், துணி, மீன், கூலியாட்கள் என்ற கணக்குகள்தாம். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பலகைகள் இப்படிப்பட்ட வரவு செலவுக் குறிப்புகள். மீதி கிட்டத்தட்ட முழுவதும் எழுதப் பழகுவோருக்கான சொற்பட்டியல்கள்.

இந்த நகரத்துக்கு எழுத்து ஏன் தேவைப்பட்டது? கி.மு. 3200 வாக்கில் ஊருக்கின் பரப்பு ஏறத்தாழ 250 ஹெக்டேர். மக்கள்தொகை சில பத்தாயிரங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். சுற்றிலும் மழை மிகக் குறைவு. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சினால் பார்லி நன்றாக விளையும். அந்த விளைச்சலில் பெரும்பங்கு ஈயன்னா போன்ற பெரிய நிர்வாகங்களின் களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து வேலையாட்களுக்குப் படியாகத் திரும்பி வந்தது. படியளந்ததற்கான தடயமும் கிடைத்திருக்கிறது. விளிம்பு சரிவாக வெட்டிய முரட்டு மண்கிண்ணங்கள் ஊருக்கிலும், அதன் தொடர்பு இருந்த எல்லா ஊர்களிலும் மலைமலையாகக் கிடைக்கின்றன. அச்சில் அழுத்திச் செய்த, அழகு பார்க்காத கிண்ணங்கள். பல கிண்ணங்களின் கொள்ளளவு ஏறக்குறைய 0.8 லிட்டர். அது ஓர் ஆளின் ஒரு நாள் படி என்பது பலரின் கருத்து. எழுத்து தோன்றியபோது உணவைக் குறிக்க இந்தக் கிண்ணத்தின் வடிவத்தையே வரைந்தார்கள். அதன் அருகே மனிதத் தலை ஒன்றை வரைந்தால் ‘படி வழங்கியது’ என்று பொருள்.

ஒரு கிராமத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவரும் வாங்கியவரும் நாள்தோறும் முகம் பார்க்கிறவர்கள். ஊருக்கில் அது முடியாது. களஞ்சியத்தில் தானியம் அளந்து வாங்குபவர் ஒருவர், அதை அரைப்பவர் இன்னொருவர், பீர் காய்ச்சுபவர் மூன்றாமவர், அதைப் பங்கிடுபவர் நான்காமவர். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருக்கலாம். ஒரு வருடம் கழித்து, போன அறுவடையில் உன் கைக்கு வந்த பார்லி எங்கே என்று மேலிடம் கேட்டால், பதில் யாருடைய நினைவிலும் இல்லாமல் வெளியே ஒரு பொருளில் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பொருள் எழுத்துக்கு முன்பே இருந்தது. மேற்காசியாவெங்கும் கி.மு. 8000 முதலே கூம்பு, உருண்டை, வில்லை வடிவங்களில் சிறிய களிமண் காய்கள் கிடைக்கின்றன. இவை எண்ணிக்கைக்கான காய்கள் என்றும் எழுத்து இவற்றிலிருந்தே வளர்ந்தது என்றும் டெனீஸ் ஷ்மான்ட் பெசெராட் 1970கள் முதல் வாதிட்டார். கி.மு. நான்காம் ஆயிரத்தில் இந்தக் காய்களை உள்ளீடற்ற களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே உருளை முத்திரையை உருட்டிப் பதித்தார்கள். ஈரானின் சூசாவிலும் சிரியாவின் ஹபூபா கபீராவிலும் இத்தகைய உருண்டைகள் கிடைத்துள்ளன. முத்திரை உடையாத வரை உள்ளே உள்ள எண்ணிக்கையை யாரும் மாற்ற முடியாது. ஆனால் உடைக்காமல் எண்ணிப் பார்க்கவும் முடியாது. ஆகவே சில உருண்டைகளின் மேற்புறத்தில் எண்ணிக்கையை வடுக்களாகப் பதித்தார்கள். வெளியே பதித்துவிட்டால் உள்ளே காய் எதற்கு? தட்டையான களிமண் வில்லையில் எண்ணும் முத்திரையும் மட்டும் பதித்த பலகைகள் அதே காலத்தில் வருகின்றன.

எண் வடுக்கள் காய்களின் வடிவிலிருந்து வந்தன என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். ஆனால் ஆட்டுக்கான குறி, எண்ணெய்க்கான குறி எல்லாமே அந்தந்தக் காயின் படம்தான் என்ற அடுத்த கட்ட வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. பலகைகளில் ஆட்டுக்குறி எங்கு பார்த்தாலும் வருகிறது. அதற்கு முன்னோடி என்று சொல்லப்படும் சிலுவைக்கோடிட்ட வில்லைக்காயோ மிக அரிதாகவே கிடைக்கிறது.

எண்ணும் முத்திரையும் மட்டும் இருந்த பலகைக்கு ஒரு குறை உண்டு. பன்னிரண்டு என்று இருக்கும், பன்னிரண்டு என்ன என்று இருக்காது. பதித்த இரண்டு பேருக்கும் அது தெரியும், மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. ஒரே பலகையில் ஆடும் பார்லியும் எழுத முடியாது. வாங்கியவர் பெயரையும் சேர்க்க முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் பொருளையும் ஆளையும் துறையையும் காட்டும் குறிகளைக் கோடுகளாகக் கீறத் தொடங்கியதும் இந்தக் குறை தீர்ந்தது. அந்தச் சேர்க்கையைத்தான் நாம் எழுத்து என்கிறோம். ஊருக்கில் இது படிப்படியாக வந்ததாகத் தெரியவில்லை. மிகப் பழைய அடுக்கிலேயே நூற்றுக்கணக்கான குறிகள் ஓர் ஒழுங்கோடு தயாராக இருக்கின்றன. பெரிய நிர்வாகம் ஒன்று தன் தேவைக்காக, அதிகம் போனால் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் உட்கார்ந்து உருவாக்கியது இது என்றே நான் நினைக்கிறேன்.

இனி ஒரு பலகையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஈரக் களிமண்ணைத் தலையணை போல உப்பலாகப் பிடித்திருக்கிறார்கள். முன்பக்கத்தைக் கோடு கீறிக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பதிவு. பின்பக்கத்தில் மொத்தம். எண்களுக்குத் தடித்த, மெல்லிய என்று இரண்டு வட்டமுனை நாணல்கள். நாணலைச் சாய்த்துக் குத்தினால் நகத்தடம் போன்ற நீள்வடு, நேராகக் குத்தினால் வட்டம். ஆக சிறிய நீள்வடு, சிறிய வட்டம், பெரிய நீள்வடு, பெரிய வட்டம் என்று சில அடிப்படை வடிவங்கள். நீள்வடுவுக்குள் வட்டம் குத்துவது போன்ற கூட்டு வடிவங்களும் உண்டு.

பார்க்க எளிதாக இருந்தாலும் இந்த எண்கள் அறிஞர்களைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்தன. ஆடம் ஃபால்கென்ஸ்டைன் 1936இல் ஊருக்கின் பழைய பலகைகளை வெளியிட்ட பிறகும் பல கூட்டல்கள் ஒத்துவரவில்லை. காரணம், ஒரே வடிவத்துக்கு ஒரே மதிப்பு கிடையாது. ஆடு, ஆள், பானை போன்றவற்றை எண்ணும்போது சிறிய வட்டம் பத்து சிறிய நீள்வடுக்களுக்குச் சமம். பார்லி அளக்கும்போது அதே வட்டம் ஆறு நீள்வடுக்களுக்குச் சமம். நிலம் அளக்கும்போது பதினெட்டு. பெரிய வட்டம் ஆட்டுக் கணக்கில் 3,600, பார்லிக் கணக்கில் 60. பொருளுக்குப் பொருள் இப்படி மாறும் எண் முறைகள் ஒரு டஜனுக்கும் மேல் புழக்கத்தில் இருந்தன. நெல்லுக்குப் படி, மரக்கால், கலம் என்றும் நிலத்துக்குக் குழி, மா, வேலி என்றும் வைத்திருந்த நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளுக்கு இது புதிராக இருந்திருக்காது. ஊருக்கில் அந்த அளவைகள் எல்லாம் ஒரே வடுக்களைப் பகிர்ந்துகொண்டதுதான் சிக்கல்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மொழியியலாளர் அல்லர், ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் யோரன் ஃப்ரிபெர்க். 1970களின் இறுதியில் அவர் பயன்படுத்திய வழி, யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடியது. ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். பலகையின் முன்பக்கம் இரண்டு பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 2 சிறிய வட்டம், 3 நீள்வடு. இரண்டாவதில் 1 வட்டம், 4 நீள்வடு. பின்பக்க மொத்தத்தில் 4 வட்டம், 1 நீள்வடு. வட்டத்தைப் பத்து என்று கொண்டால் 23உம் 14உம் சேர்ந்து 37. அப்படியானால் பின்பக்கம் 3 வட்டமும் 7 நீள்வடுவும் இருக்க வேண்டும். ஆனால் அங்கே 41 போலத் தெரிகிறது, கணக்கு இடிக்கிறது. வட்டத்தை ஆறு என்று கொண்டு பாருங்கள். முதல் பதிவு 15, இரண்டாவது 10, மொத்தம் 25. நான்கு ஆறு இருபத்து நான்கு, மிச்சம் ஒன்று. பின்பக்கத்தோடு சரியாகப் பொருந்துகிறது. ஆகவே இது தானியக் கணக்கு என்று, ஒரு சொல்கூடப் படிக்காமலே சொல்லிவிடலாம்.

இன்னொரு தடயமும் உண்டு. ஒரு பதிவில் சிறிய நீள்வடு ஏழோ எட்டோ அடுத்தடுத்து இருந்தால் அது பார்லிக் கணக்காக இருக்க முடியாது. பார்லியில் ஆறு சேர்ந்தவுடன் வட்டமாக மாற்றிவிடுவார்கள். சில பலகைகளில் எந்த முறையில் கூட்டினாலும் மொத்தம் ஒத்துவராது. அப்போது ஆராய்ச்சியாளர் முதலில் உடைந்த மூலையைப் பார்ப்பார், பிறகு தம் வாசிப்பைச் சந்தேகிப்பார், கடைசியில்தான் கணக்கர் தவறிவிட்டார் என்பார்.

ஹான்ஸ் நிஸ்ஸன், பீட்டர் டாமரோ, ராபர்ட் எங்லண்ட் மூவரும் பெர்லினில் இந்த வழியில் நூற்றுக்கணக்கான பலகைகளைச் சரிபார்த்தார்கள். அவர்கள் வேலையில் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்ட ஒரு பெயர் கூஷிம். இரண்டு குறிகளால் எழுதப்பட்ட இந்தப் பெயர் பதினைந்துக்கும் மேற்பட்ட பலகைகளில் வருகிறது. அது ஓர் ஆளா, ஒரு பதவியா, ஒரு பண்டகசாலையா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சில இடங்களில் நிர்வாகக் கணக்கரைக் குறிக்கும் பதவிக்குறி பக்கத்தில் நிற்பதால் ஆள் என்றே பலர் கொள்கிறார்கள். கூஷிமின் பொறுப்பு பீர் காய்ச்சுவதற்கான சரக்கு. உடைத்த பார்லியும் முளைகட்டிக் காயவைத்த பார்லியும் இவர் கணக்கில் வரவும் செலவும் ஆகின்றன. பீர் அந்நகரில் கேளிக்கைப் பானம் அன்று. ரொட்டியோடு சேர்த்துப் படியாகக் கொடுத்த அன்றாட உணவு.

கூஷிம் பலகைகளில் ஒன்று புகழ்பெற்றது. ஏறக்குறைய 1,35,000 லிட்டர் பார்லி, 37 மாதங்கள், கூஷிம். எழுதியிருப்பது அவ்வளவுதான். மாதத்துக்கு 30 நாள் என்பது அவர்களின் நிர்வாகக் கணக்கு. அப்படி வைத்தால் 1,110 நாள், நாளொன்றுக்குச் சுமார் 120 லிட்டர் பார்லி. 37 மாதம் என்பது மூன்று ஆண்டும் கூடுதலாக ஒரு மாதமும். இவ்வளவு நீண்ட காலத்துக்கான தொகையை யாரும் ஒரே நாளில் அளந்திருக்க முடியாது. பல சிறு பலகைகளின் மொத்தங்களை எடுத்துக் கூட்டி எழுதிய தொகுப்புக் கணக்கு இது. எழுத்து இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. காய்கள் ஒரு பரிமாற்றத்தைக் காப்பாற்றும். மூன்று ஆண்டுப் பரிமாற்றங்களை ஒரே ஆளின் பொறுப்பாக ஒரே பார்வையில் கொண்டுவர அவற்றால் இயலாது. எழுத்து ஏன் வந்தது என்று ஒரே ஒரு சான்று கேட்டால் இந்தப் பலகையைத்தான் காட்டுவேன்.

வேறு பலகைகள் சரக்கிலிருந்து சரக்குக்குப் போகின்றன. இத்தனை ரொட்டிக்கு இத்தனை மாவு, இத்தனை சாடி பீருக்கு இவ்வளவு முளைத்தானியம் என்று விகிதம் போட்டு, பின்பக்கம் மொத்தப் பார்லியைக் காட்டுகின்றன. மந்தைக் கணக்குகளில் கிடா, பெண் ஆடு, குட்டி என்று தனித்தனிக் கட்டங்கள். மேய்ப்பவர் பெயரும், அவரிடமிருந்து வரவேண்டிய பால்பொருளின் அளவும் அருகில். நிலக் கணக்குகளில் வயலின் நீளமும் அகலமும் பரப்பும் இருக்கின்றன.

மனிதர்களுக்கும் கணக்கு உண்டு. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் குறி, பெண்ணைக் காட்டும் குறியும் மலையைக் காட்டும் குறியும் சேர்ந்தது. மலைநாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் என்று இதைக் கொள்கிறார்கள். அந்தப் பட்டியல்களில் ஆண், பெண், குழந்தை என்ற பிரிவும் வயதுநிலையும், பக்கத்துப் பலகையில் கால்நடைகளுக்கு எழுதிய அதே பாணியில் வருகின்றன. எங்லண்ட் இதை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். சில பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. மனித வரலாற்றில் நமக்குத் தெரியவரும் முதல் பெயர்களில் அரசர்கள் இல்லை. பார்லிப் பொறுப்பாளர்களும், பிறர் உடைமையாக எண்ணப்பட்ட மனிதர்களும் இருக்கிறார்கள். இந்தப் பலகைகளைப் புதுமையின் பெருமை என்று மட்டும் பார்ப்பது போதாது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

கணக்கர் ஆவதற்குப் பயிற்சி கடினமாக இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 900 குறிகள், அவற்றோடு பொருளுக்கேற்ற எண் முறைகள். பழகுவதற்குத்தான் சொற்பட்டியல்கள். பாத்திரங்கள், மரங்கள், மீன்கள், பறவைகள், ஊர்கள், உலோகப் பொருள்கள் என்று பொருள்வாரியாக அவை எழுதப்பட்டிருக்கின்றன. அதிகமாகப் படியெடுக்கப்பட்டது பதவிகளின் பட்டியல். மிக உயர்ந்த பதவியில் தொடங்கி, நகரத்தின் அதிகாரிகளையும் தொழில்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். வழக்கொழிந்த பதவிகள் உட்பட இந்தப் பட்டியலை வரிசை மாறாமல் மாணவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் எழுதிப் பழகினார்கள்.

இந்த எழுத்து பேச்சைப் பதிவுசெய்யவில்லை. வினைத்திரிபோ வேற்றுமை உருபோ கிடையாது. ஒரு கட்டத்துக்குள் குறிகளின் வரிசைகூட நிலையானதில்லை. இவர்கள் பேசியது சுமேரிய மொழியா என்று இந்தப் பலகைகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வதுகூடக் கடினம். கணக்குக்கு வாக்கியம் தேவையில்லை, எவ்வளவு, என்ன, யார் என்று தெரிந்தால் போதும். துதிப்பாடல்களும் அறிவுரைகளும் கதைகளும் சுமேரிய மொழியில் எழுதப்பட்டுக் கிடைப்பது கி.மு. 2600 வாக்கில்தான். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் எழுத்து கணக்கறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

மற்ற ஆற்றங்கரைகளில் கதை சற்று மாறுகிறது. எகிப்தின் அபிடோஸில் குன்டர் டிரையர் 1988இல் கண்டெடுத்த யூ-ஜே என்ற அரச கல்லறையில் எலும்பிலும் தந்தத்திலும் செய்த சிறு சீட்டுகள் கிடைத்தன. துளையிட்டுச் சரக்கில் கட்டியவை. சிலவற்றில் எண், சிலவற்றில் இடப்பெயர்கள் என்று கருதப்படும் குறிகள். அங்கும் சரக்குதான் தொடக்கம், ஆனால் சரக்கு அரசனின் கல்லறைக்குப் போயிற்று. அரசன் பெயரையும் அவன் செயலையும் எழுதும் வழக்கம் எகிப்தில் மெசபடோமியாவை விட விரைவாக வந்துவிட்டது. சிந்து வெளியின் எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. நம் ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பு அந்த ஆய்வுக்கு இன்றும் அடிப்படை. வாசகங்கள் சராசரியாக ஐந்து குறி நீளம்தான். லோதலில் கிடைத்த களிமண் முத்திரைப் பதிவுகளின் பின்புறத்தில் கயிறும் நெசவும் அழுந்திய தடம் இருப்பதால், சரக்கு மூட்டைகளில் பதித்தவை அவை என்று தெரிகிறது. அங்கே கணக்குகள் எழுதியிருந்தால் அழியக்கூடிய ஏதோ ஒன்றில் எழுதியிருப்பார்கள். ஊருக்கின் அதிர்ஷ்டம் களிமண். சுடாத களிமண்கூடப் புதைந்து கிடந்தால் ஐயாயிரம் ஆண்டு தாங்குகிறது.

அந்தக் களிமண்ணுக்கு இன்றைய ஆபத்து திருட்டுத் தோண்டல். கூஷிம் பலகைகள் அகழாய்வில் கிடைத்தவை அல்ல. எர்லன்மேயர் என்ற தனியார் சேகரிப்பில் இருந்து 1988இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தவை. பெர்லின் அரசு பெரும்பகுதியை வாங்கிக் காப்பாற்றியது, மற்றவை பல கைகளுக்குப் போயின. எந்தக் கட்டடத்தில், எந்த அறையில், எந்தப் பலகையோடு சேர்ந்து அவை கிடந்தன என்பது தெரிந்திருந்தால், கூஷிம் ஆளா பண்டகசாலையா என்ற கேள்வி இன்று எளிதாகியிருக்கும். இணையத்திலோ கடையிலோ மூலம் தெரியாத ஒரு பழம்பொருளை யாராவது விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். பலகைகளைப் பார்க்க ஆசை இருந்தால், எங்லண்டும் டாமரோவும் உள்ளிட்டோர் தொடங்கிய சிடிஎல்ஐ என்ற இணையத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான பலகைகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊருக் காலப் பலகை ஒன்றைத் திறந்ததும் பின்பக்கத்துக்குப் போய் மொத்தத்தைப் பாருங்கள். பிறகு முன்பக்க வட்டங்களையும் வடுக்களையும் எண்ணி, பத்தில் கூட்டியும் ஆறில் கூட்டியும் நீங்களே சரிபாருங்கள்.